உணர்ச்சிக்காக வரைந்த வளையம்

ஜேம்ஸ் பேப்ஸ் மனநல மருத்துவர் அல்லர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நரம்பு உடற்கூற்றியல் கற்பித்தவர். மூளையை அறுத்து, எந்த இழை எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. 1937-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். உணர்ச்சி என்பது மூளையில் எங்கோ ஒரு புள்ளியில் பிறப்பதில்லை. நான்கு பகுதிகளைச் சுற்றிவரும் ஒரு வளையத்தில் அது உருவாகிறது என்பதே அதன் சாரம். பரிசோதனை எதுவும் செய்து அவர் இதை நிறுவவில்லை. உடற்கூறும், சில நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் மட்டுமே கையில் இருந்தன.

அந்த வளையத்தின் வழியைத் தெரிந்துகொள்வது கடினமில்லை. பொட்டுப் பகுதிக்கு உள்ளே, மூளையின் பக்கவாட்டு மடலின் அடியில் சுருண்டு கிடக்கிறது ஹிப்போகேம்பஸ். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அங்கிருந்து ஃபார்னிக்ஸ் என்னும் தடித்த நரம்புக் கற்றை கிளம்பி, வில்போல வளைந்து முன்னே வந்து, மூளையின் அடிப்பகுதிக்கு இறங்குகிறது. இறங்கும் இடத்தில் பட்டாணி அளவில் இரண்டு சிறு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதாம் மாமில்லரி உடல்கள். அவற்றிலிருந்து இன்னொரு கற்றை நேராக மேலே ஏறித் தலாமஸின் முன்முனைக்குப் போகிறது. தலாமஸ் அதைச் சிங்குலேட் புறணிக்கு அனுப்புகிறது. இரண்டு அரைக்கோளங்களும் முகம் பார்க்கும் உட்சுவரில் பட்டையாக ஓடும் புறணி அது. அந்தப் பட்டைக்குள் பின்னோக்கி ஓடும் இழைகள் மறுபடி ஹிப்போகேம்பஸில் வந்து முடிகின்றன. வளையம் பூர்த்தியாகிவிட்டது.

இது உணர்ச்சியின் வளையம் என்று பேப்ஸ் நினைத்ததற்குக் காரணங்கள் இருந்தன. வெறிநாய்க்கடியில் இறந்தவர்களின் மூளையில், அந்நோய்க்கே உரிய நுண்ணிய அடையாளங்கள் ஹிப்போகேம்பஸின் செல்களில் அதிகம் தென்படும். அந்த நோயாளிகளோ சாகும்முன் பெரும் அச்சத்திலும் கொந்தளிப்பிலும் தவிப்பவர்கள். இன்னொரு பக்கம், சிங்குலேட் பகுதியில் கட்டி வளர்ந்தவர்கள் எதிலும் நாட்டமின்றி, சலனமற்றுப் போனார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு, உணர்ச்சியின் உந்துதல் ஹிப்போகேம்பஸில் திரண்டு, மாமில்லரி வழியாகத் தலாமஸுக்கு ஏறி, சிங்குலேட்டில் அனுபவமாகிறது என்றார் அவர். துணிச்சலான ஊகம்தான். இழைகள் ஓடும் பாதையை அவர் சரியாகவே சொல்லியிருந்தார்; அந்தப் பாதை என்ன வேலை செய்கிறது என்பதில்தான் பெரும்பகுதி தவறினார். அதைக் காட்டிக்கொடுத்தவர்கள், வளையத்தின் ஏதோ ஓர் இடத்தில் அடிபட்ட மனிதர்கள்.

முதலில் ஹிப்போகேம்பஸ். ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்க இளைஞருக்குக் கட்டுக்கடங்காத வலிப்பு. 1953-இல் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய இரண்டு பக்கத்து ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை, அதைச் சுற்றியிருந்த திசுவோடு சேர்த்து எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றுமுதல் 2008-இல் இறக்கும்வரை மோலைசனால் புதிதாக எந்த நிகழ்ச்சியையும் மனத்தில் தேக்கிவைக்க முடியவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்ச் சில நிமிடம் கழித்து வந்தால், மறுபடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அறிவுத்திறன் குறையவில்லை. சிறுவயது நினைவுகள் இருந்தன. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் அதற்குமுன் அதைச் செய்ததாக அவருக்குத் துளியும் ஞாபகமில்லை. கைப்பழக்கம் வேறு வழியில் பதிகிறது, நடந்தது என்ன என்ற நினைவு வேறு வழியில் பதிகிறது என்பது அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது.

சரி, ஹிப்போகேம்பஸை இழந்தவர்களுடைய உணர்ச்சி என்ன ஆனது? மோலைசனை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது, ஏனென்றால் அவருக்கு அருகிலிருந்த அமிக்டலாவும் பெருமளவு போய்விட்டது. 2010-இல் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைனும் உடன் ஆய்வாளர்களும், ஹிப்போகேம்பஸ் மட்டும் சிதைந்த ஐந்து பேருக்குச் சோகமான திரைக்காட்சிகளைக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் காட்சியில் பார்த்தது என்ன என்றே அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சோகம் மட்டும் போகவில்லை. எதற்காக மனம் கனக்கிறது என்று தெரியாமலே கனத்துக்கொண்டிருந்தது. பேப்ஸ் சொன்னபடி ஹிப்போகேம்பஸ்தான் உணர்ச்சி புறப்படும் இடம் என்றால், அது அழிந்ததும் சோகமும் வற்றியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

இதையே 1995-இல் அன்டோயின் பெஷாராவும் குழுவும் இன்னும் கூர்மையாகக் காட்டியிருந்தார்கள். ஒரு குறிப்பிட்ட நிறம் திரையில் தோன்றியதும் காதைப் பிளக்கும் ஊதல் ஒலி வரும். சில தடவைக்குப் பிறகு, ஒலி வராவிட்டாலும் அந்த நிறத்தைக் கண்டாலே உள்ளங்கை வியர்க்க வேண்டும். ஹிப்போகேம்பஸ் சிதைந்தவருக்கு வியர்த்தது, ஆனால் எந்த நிறத்துக்கு ஒலி வந்தது என்று கேட்டால் தெரியாது. அமிக்டலா சிதைந்தவர் எந்த நிறம் என்று சரியாகச் சொன்னார், கை வியர்க்கவேயில்லை. அச்சத்தைப் பதிக்கும் உறுப்பு அமிக்டலா. அது பேப்ஸின் வளையத்தில் இடம்பெறவேயில்லை.

ஹிப்போகேம்பஸைத் தொடாமல், அதிலிருந்து கிளம்பும் ஃபார்னிக்ஸை மட்டும் சேதப்படுத்தினாலும் நினைவு கெடும். மூளையின் நடுவிலுள்ள மூன்றாம் நீரறையின் கூரையில் சிலருக்குக் கொழகொழப்பான நீர்க்கட்டி வரும். கட்டியாலோ அதை எடுக்கும் சிகிச்சையாலோ ஒட்டியிருக்கும் ஃபார்னிக்ஸ் அடிபடுவதுண்டு. இப்படிப்பட்ட 38 பேரைப் பிரிட்டனில் ஜான் ஆகில்டனின் குழு ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டது. மாமில்லரி உடல்கள் எந்த அளவு சுருங்கியிருந்தனவோ அந்த அளவு, ஒன்றைத் தானாக நினைத்துச் சொல்லும் திறன் குறைந்திருந்தது. அதே விஷயத்தைக் கண்ணெதிரே காட்டினால் ‘இதைப் பார்த்திருக்கிறேன்’ என்று அடையாளம் காணும் திறன் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. முகம் பழக்கமானது என்று தெரிவது ஒரு வேலை. அவரை எங்கே, எப்போது, எதற்காகப் பார்த்தோம் என்று மீட்பது வேறு வேலை. வளையம் இரண்டாவது வேலைக்கானது.

வளைய வரிசைப்படி அடுத்து வரவேண்டியவை மாமில்லரி உடல்கள். அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறேன், சொல்ல நிறைய இருப்பதால்.

தலாமஸ் மூளைக்குள் புறணிக்குப் போகும் செய்திகள் பலவும் கடந்துபோகும் இடம். அதில் ஒரு சிறு மூலையான முன்முனைக் கருக்கள்தாம் இந்த வளையத்தைச் சேர்ந்தவை. அந்தப் பகுதிக்கு ரத்தம் கொண்டுவரும் மெல்லிய நாளம் ஒன்று அடைபட்டால் சில மில்லிமீட்டர் அளவே திசு சாகும். கை கால் விளங்காமல் போகாது, வாய் கோணாது. அதனால் வீட்டார் பக்கவாதம் என்று நினைப்பதில்லை. நேற்றுவரை ஒழுங்காக இருந்தவர் இன்று காலை சாப்பிட்டாரா என்று சொல்லத் தடுமாறுவார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலில் அக்கறையில்லாமல் உட்கார்ந்திருப்பார். திடீரென ஒரே நாளில் வரும் மறதி முதுமையால் வருவதல்ல; உடனே ஸ்கேன் எடுக்க வேண்டிய விஷயம். இடப்பக்கம் அடைபட்டால் பெயர், பேச்சு, படித்த செய்தி ஆகியவை கூடுதலாகக் கெடும்.

இத்தகைய நோயாளிகளின் ஸ்கேன்களை அடுக்கி வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தலாமஸில் எவ்வளவு பெரிய சேதம் என்பதைவிட, மாமில்லரியிலிருந்து ஏறிவரும் கற்றை அறுபட்டதா இல்லையா என்பதே நினைவுக் கோளாற்றை அதிகம் தீர்மானிக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி அடைப்பு வந்தவர் தப்பித்துக்கொள்கிறார்.

சிங்குலேட் நீளமான பட்டை என்றேன். அதன் முன்பாதியும் பின்பாதியும் ஒரே உறுப்பின் பகுதிகள் என்று சொல்லக்கூட யோசிக்கவேண்டியிருக்கிறது. அவ்வளவு வேறுபட்ட விளைவுகள். முன்பாதி இரண்டு பக்கமும் சிதைந்தால் மனிதர் விழித்திருப்பார், கண்ணால் நம்மைத் தொடர்வார், ஆனால் பேசமாட்டார், அசையமாட்டார். வாதமும் இல்லை, வலுக்குறைவும் இல்லை. செய்யவேண்டும் என்ற உந்துதல் அற்றுப்போயிருக்கும். அன்டோனியோ டமாசியோவும் கேரி வான் ஹூசனும் 1983-இல் விவரித்த ஒரு பெண்ணுக்கு இடப்பக்கம் மட்டும், முன் சிங்குலேட்டும் அதை அடுத்த பகுதியும் பாதிக்கப்பட்டிருந்தன. சில வாரங்களில் தேறிவிட்டார். ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டபோது, சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை, மனம் வெறுமையாக இருந்தது, எதுவும் பொருட்டாகத் தெரியவில்லை என்ற பொருள்படப் பதில் சொன்னார். தன் நிலையை நினைத்து வருத்தமும் அப்போது அவருக்கு இருக்கவில்லை.

தீராத வலிக்கும் கடுமையான எண்ணச்சுழற்சி நோய்க்கும், இதே முன்பகுதியில் வேண்டுமென்றே சிறு காயம் உண்டாக்கும் அறுவை ஒன்று உண்டு. மருந்து எதற்கும் மசியாதவர்களுக்கு மட்டும் இன்றும் அரிதாகச் செய்கிறார்கள். அதற்குப்பின் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் முன்போல் வாட்டவில்லை என்பார்கள். ஆக, வலியின் துன்பம் வேறு, வலி என்ற அறிதல் வேறு. பேப்ஸ் இந்த ஓர் இடத்தில் மட்டும் ஏறக்குறையச் சரியாகவே ஊகித்திருந்தார் என்று நான் நினைக்கிறேன். உணர்ச்சி அங்கே பிறக்கிறது என்பதைவிட, உணர்ச்சி ஒரு செயலுக்கு உந்துதலாக மாறுவது அங்கே என்று சொன்னால் இன்னும் பொருந்தும்.

பின்பாதிக்கு வந்தால் உணர்ச்சி பின்னுக்குப் போய், நினைவும் திசையும் முன்னுக்கு வருகின்றன. ஜப்பானிய நரம்பியல் மருத்துவர்கள் 1997-இல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். வலப்பக்கம் சிங்குலேட்டின் பின்கோடியில் ரத்தக்கசிவு. பழகிய கட்டடங்களைப் பார்த்ததும் இன்னது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தின் முன் நின்றுகொண்டு, வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று கேட்டால் தெரியாது. தலாமஸின் முன்முனையிலும் இந்தப் பின்கோடியிலும், தலை எந்தத் திக்கை நோக்குகிறது என்பதற்கேற்பத் துடிக்கும் செல்கள் எலிகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்ப்பதும், ஓர் இடத்தில் நம்மை நிறுத்திப் பார்ப்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு இதைவிட நல்ல தடயம் இல்லை. அல்சைமர் நோயில் மிக முன்னதாகவே குளுக்கோஸ் பயன்பாடு குறையும் இடங்களில் இந்தப் பின் சிங்குலேட் முக்கியமானது. தெரிந்த தெருவில் வழிதவறுவது அந்நோயின் தொடக்க அறிகுறியாக வருவது தற்செயல் அல்ல.

இப்போது மாமில்லரி உடல்கள். வளையத்தில் மிகச் சிறியவை இவைதாம். உணவுக்குறையால் எளிதில் அழியக்கூடியவையும் இவைதாம்.

1881-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளை விவரித்தார். இருவர் பெருங்குடியர்கள். மூன்றாமவர் இருபது வயதுத் தையல் வேலைக்காரப் பெண். கந்தக அமிலத்தைக் குடித்துவிட்டுப் பிழைத்துக்கொண்டவர். அமிலம் பட்ட புண் ஆறும்போது இரைப்பையின் கீழ்வாய் சுருங்கிவிட்டது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. சில வாரம் இப்படிப் போனபின் பார்வை தடுமாறியது, வெளிச்சம் கூசியது, கண்களைப் பக்கவாட்டில் நகர்த்த முடியவில்லை, நடை தள்ளாடியது, பேச்சு குழம்பியது. சில நாட்களில் இறந்துபோனார். மூளையை அறுத்துப் பார்த்தபோது நடு நீரறைகளின் சுவரோரம் ஊசிமுனை அளவு ரத்தப்புள்ளிகள் விரவியிருந்தன. ஏதோ அழற்சி என்று நினைத்தார் வெர்னிக்கே. வைட்டமின் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்ணுக்குக் குறைந்துபோனது தயமின், அதாவது வைட்டமின் பி1. குளுக்கோஸை எரித்து ஆற்றலாக்கும் நொதிகளில் சில, தயமின் இல்லாமல் வேலை செய்யாது. உடலில் இருப்பு அதிகம் போனால் 30 மில்லிகிராம்தான். ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிகிராம் செலவாகும். உள்ளே எதுவும் போகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு தீரும். ஆற்றலை அதிகம் செலவிடும் பகுதிகள் முதலில் விழும். நீரறைகளை ஒட்டிய திசுவும் மாமில்லரி உடல்களும் அவற்றில் சேர்ந்தவை. மது இதை மூன்று வழியில் கெடுக்கிறது: குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதிலுள்ள தயமினைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை, கெட்ட கல்லீரல் அதைச் சேமிப்பதில்லை.

இந்தக் கடும்நிலையில் தயமின் கொடுத்தால் கண் சிலமணி நேரத்திலேயே அசையத் தொடங்கும். நடை வாரக்கணக்கில் தேறும். ஆனால் தாமதமாகிவிட்டால், குழப்பம் தெளிந்தபிறகு அடியில் வேறொன்று தெரியவரும். அதை 1880-களின் இறுதியில் மாஸ்கோவில் செர்கேய் கோர்சகோவ் விவரித்தார். நோயாளி தெளிவாகப் பேசுவார், நகைச்சுவையை ரசிப்பார், சீட்டாடுவார். ஆட்டம் முடிந்து சீட்டை எடுத்துவைத்த கொஞ்ச நேரத்தில், இன்று சீட்டுத் தொடவேயில்லை என்பார். நேற்று என்ன செய்தீர்கள் என்றால், தயங்காமல் சந்தைக்குப் போனதைச் சொல்வார். மாதக்கணக்காக மருத்துவமனைப் படுக்கையிலிருந்து இறங்கியே இருக்கமாட்டார். பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அவருக்கில்லை. எப்போதோ உண்மையில் நடந்த ஒன்று, தேதி கழன்றுபோய், நேற்று என்ற வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதே நோயுள்ள ஒரு பெண்ணிடம் ஜெனீவாவின் எடுவார் கிளாபரேட் செய்து 1911-இல் வெளியிட்ட சோதனையை இன்று செய்ய யாரும் அனுமதிக்கமாட்டார்கள். விரலிடுக்கில் ஊசியை மறைத்துக்கொண்டு அவளிடம் கைகுலுக்கினார். குத்தியது. குத்தியதை விரைவிலேயே அவள் மறந்துவிட்டாள்; கிளாபரேட் யாரென்றும் தெரியாது. ஆனால் மறுபடி அவர் கை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, சிலர் கையில் ஊசி ஒளித்து வைத்திருப்பார்கள் அல்லவா என்பதுபோல ஏதோ சொன்னாள். பேப்ஸ் தன் வளையத்தை வரைவதற்கு 26 ஆண்டு முன்பே, வளையம் அறுந்தவரிடம் அச்சம் அப்படியே இருக்கிறது, நிகழ்ச்சிதான் இல்லை என்பது கைகுலுக்கலில் வெளிப்பட்டுவிட்டது. அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

நினைவு போனதற்கு மாமில்லரி அழிந்தது மட்டும்தான் காரணமா? இது நெடுநாள் வழக்கு. சிட்னியில் குடிநோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான முடிவு எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது. வெர்னிக்கே நோய் கண்டும் நினைவு தப்பியவர்களிடமும் மாமில்லரி செல்கள் குறைந்துதான் இருந்தன. நினைவு போனவர்களைப் பிரித்துக்காட்டியது, அடுத்த நிலையமான தலாமஸின் முன்முனையிலும் செல்கள் அழிந்திருந்தது. ஒரு நிலையம் பழுதானால் மூளை ஓரளவு சமாளிக்கிறது, அடுத்ததும் விழுந்தால் முடிவதில்லை. மறுபுறம், மாமில்லரியை மட்டும் குறிவைத்தாற்போன்ற ஒரு விபத்தும் பதிவாகியிருக்கிறது: உடைந்த ஸ்னூக்கர் கோல் மூக்குத் துளை வழியாக மூளையின் அடிக்குள் நுழைந்த ஒருவர். அவருக்குப் புதியவற்றைக் கற்பது, அதிலும் சொற்களால் கற்பது, நெடுங்காலம் சிரமமாகவே இருந்தது. ஆகவே மாமில்லரி வெறும் அஞ்சல் நிலையம் என்றும் ஒதுக்கிவிட முடியாது. நடுமூளையிலிருந்தும் அதற்கு இழைகள் வருகின்றன. எலிகளில் அந்த இழைகளின் தோற்றுவாயை மட்டும் அழித்தாலும் நினைவு கெடுகிறது.

அழிந்த மாமில்லரியைத் திரும்ப வளர்க்க வழி இல்லை. அழியாமல் காக்க வழி இருக்கிறது, அதுவும் மிக மலிவான வழி. ஆஸ்திரேலியா 1991-இல் ரொட்டி மாவில் தயமின் கலப்பதைக் கட்டாயமாக்கியது. பின்னர் பிணக்கூறாய்வுகளில் இந்தச் சிதைவு குறைந்தே தென்பட்டது. குத்துவதற்கு முன் நெல்லை அவிக்கும்போது உமியோரத்துத் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், நம் புழுங்கல் அரிசி பாலிஷ் போட்ட பச்சரிசியைவிட இதில் மேல்.

சிக்கல் என்னவென்றால் மருத்துவர்களே வெர்னிக்கே நோயைத் தவறவிடுவார்கள். கண் நகராமை, தள்ளாட்டம், குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் இந்த நோய் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். பிணக்கூறாய்வில் நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் மூன்றும் சேர்ந்து இருந்தன. குடித்தவர் தள்ளாடினால் போதை என்றே யாரும் நினைப்பார்கள். குடிக்காதவருக்கும் வரும் நோய் இது: கர்ப்பகாலத்தில் விடாமல் வாந்தியெடுக்கும் பெண்கள், உடல்பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கிக்கொண்டவர்கள், பல நாள் பட்டினி கிடந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் சாப்பிட முடியாதவர்கள். இவர்களுக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் சொற்பத் தயமினையும் அதை எரிக்கவே உடல் செலவழித்துவிடும். நிலைமை மோசமாகலாம்.

ஆகவே வீட்டில் யாராவது நாட்கணக்கில் வாந்தியெடுத்துச் சோர்ந்திருந்தாலோ, நெடுநாள் குடித்தவர் குழப்பத்தோடு மருத்துவமனைக்குப் போனாலோ, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும்போது பி1 ஊசி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். மாத்திரை இந்த நிலையில் போதாது, ஊசியாகத்தான் போகவேண்டும்.